நேரம் ஒன்று, வினைமுற்று இரண்டு: தமிழ் கற்பிக்கும் பாடத்தாளுக்கு எந்த வகை இணை வாக்கியம்?

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்குக் காலங்களைச் சொல்லித்தரும் பாடத்தாளில் இணை வாக்கியங்கள் இல்லாமல் இருக்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று, வினைமுற்று மட்டும் வேறு. பார்த்தால் எளிய வேலைதான். ஆனால் அந்த இணையை மூன்று விதமாக அமைக்கலாம், மூன்றும் கற்பவருக்கு மூன்று வேறு பாடங்களைச் சொல்கின்றன. பாடத்தாள் எழுதுகிறவர் பெரும்பாலும் முதல் வகையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதையே ஆண்டு முழுக்க ஓட்டுகிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை, காலச்சொல் இணை:

நான் நேற்று கடிதம் எழுதினேன்.
நான் நாளை கடிதம் எழுதுவேன்.

இரண்டாவது வகை, வெறும் இணை. காலச்சொல் கிடையாது, வினை மட்டும் மாறும்:

நான் கடிதம் எழுதினேன்.
நான் கடிதம் எழுதுவேன்.

மூன்றாவது, நிலைமை இணை. ஒரு கேள்வியோ சூழலோ முதலில் வரும். அதற்குக் கீழே, வினைமுற்றில் மட்டும் வேறுபடும் இரண்டு வாக்கியங்கள். எந்த வாக்கியத்தை எந்தச் சூழலில் ஒருவர் சொல்வார் என்று கற்பவர் பொருத்த வேண்டும்.

காலச்சொல் இணையில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை போதும். பயிற்சித்தாளை எடுத்து, வினைமுற்றுகளின் கடைசிப் பகுதியை எல்லாம் ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். “நேற்று கடிதம் எழு…”, “நாளை கடிதம் எழு…” என்பது மட்டும் தெரியட்டும். இப்போதும் கற்பவரால் ‘இது நடந்து முடிந்தது, இது நடக்கப்போவது’ என்று சரியாகச் சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால் அவர் வினையைப் படிக்கவே இல்லை. ‘நேற்று’, ‘நாளை’ என்ற இரண்டு சொற்கள் முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிட்டன. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தக் கேடு இன்னும் கூடுகிறது. கற்பவரின் கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் விடை கிடைத்துவிடுகிறது.

அதற்காக இந்த வகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வடிவத்தை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் பக்கத்துக்கு இதுவே பொருத்தம். ‘எழுதினேன்’ என்றால் என்ன என்றே தெரியாதவருக்கு ‘நேற்று’ என்ற சொல் ஒரு கைப்பிடி. அடுத்த பக்கத்தில் அந்தக் கைப்பிடியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதே வாக்கியங்களைக் காலச்சொல் இல்லாமல் வரிசை மாற்றி அச்சிட்டு, ‘நேற்று’, ‘நாளை’ இரண்டில் எதை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டால், அதே சரக்கு உண்மையான பயிற்சியாகிவிடும். இப்போது காலச்சொல்தான் விடை; வினைமுற்றுதான் துப்பு.

வெறும் இணைக்கு நேர்மாறான குறை. அது கண்ணை வினைமேல் நிறுத்துகிறது, ஆனால் ‘எப்போது இதைச் சொல்வது’ என்ற கேள்விக்குப் பதில் தருவதில்லை. இறந்தகாலத்துக்கும் மற்றவற்றுக்கும் இடையே இது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ‘எழுதுகிறேன்’, ‘எழுதுவேன்’ இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கற்பவர் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பு நியாயமானது.

நன்னூல் மூன்று காலத்துக்கும் இடைநிலைகளைப் பிரித்துத் தருகிறது. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு. எதிர்காலத்துக்கு ப், வ். இந்தப் பெயர்களை அப்படியே பாடத்தாளின் தலைப்பில் ஏற்றும்போது ‘எதிர்காலம்’ என்ற சொல் கற்பவரின் மனத்தில் ‘இனிமேல் நடப்பது’ என்று பூட்டுப் போட்டுவிடுகிறது. அன்றாடத் தமிழில் ப், வ் வடிவம் அதைவிடப் பல வேலை செய்கிறது. “பாட்டி காலையில் செய்தித்தாள் படிப்பார்” என்பது வழக்கம். “சின்ன வயதில் இந்தத் திண்ணையில் விளையாடுவோம்” என்பது முடிந்துபோன காலத்தின் வழக்கம். “அவர் இந்நேரம் தூங்கியிருப்பார்” என்பது ஊகம். மூன்றிலும் நாளை என்ற பேச்சே இல்லை. மறுபக்கம், “நாளை ஊருக்குப் போகிறேன்” என்று நிகழ்கால வடிவத்தை வைத்து, ஏற்கெனவே முடிவாகிவிட்ட நாளைய பயணத்தைச் சொல்கிறோம்.

ஆகவே இந்த இரண்டு வடிவங்களையும் காலக்கோட்டில் இடப்புறம் வலப்புறம் என்று குறித்துக் காட்டும் பாடத்தாள் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அப்படிக் கற்றவரை எப்படி அடையாளம் காண்பது? “பாட்டி காலையில் செய்தித்தாள் படிப்பார்” என்பதை அவர் ‘நாளைக் காலையில் படிக்கப் போகிறார்’ என்று புரிந்துகொள்வார். அவர் எழுதும் கட்டுரையில் வழக்கங்கள் எல்லாம் ‘-கிறார்’ என்றே முடியும். அது பிழை இல்லை என்பதால் யாரும் சிவப்பு மையால் குறிக்க மாட்டார்கள்; ஆனால் பக்கம் முழுக்க அப்படியே ஓடினால் ஏதோ அறிக்கை வாசிப்பது போல இருக்கும். எங்கள் பரிந்துரை, பாடத்தாளின் தலைப்பில் காலப்பெயரை எழுதாமல் வடிவத்தின் பெயரை எழுதுங்கள்: ‘-கிற்- வடிவம்’, ‘-வ்-/-ப்ப்- வடிவம்’. காலப்பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நிலைமை இணை தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான இணை ‘இரு’ என்ற வினையில் கிடைக்கிறது. பாடத்தாளில் அது இப்படி அச்சாகலாம்:

கேள்வி: அப்பா எங்கே?
அ. மாடியில் இருக்கிறார்.
ஆ. மாடியில் இருப்பார்.

நிலைமை 1: சொல்பவர் இப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
நிலைமை 2: சொல்பவர் வெளியே போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறார். மாலை நேரத்தில் அப்பா எப்போதும் மாடியில்தான்.

இரண்டு பதிலும் இதே நிமிடத்தைப் பற்றியவை. காலம் துளியும் மாறவில்லை. மாறியது சொல்பவருக்குத் தெரிந்த விதம். முதலாமவர் பார்த்தார், இரண்டாமவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார். எந்தக் காலச்சொல்லைச் சேர்த்தாலும் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. ‘இப்போது’ என்ற சொல் இரண்டிலும் ஒட்டும். காலக்கோடு வரைந்தாலும் இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில்தான் விழும். இந்த இணையைச் சரியாகப் பொருத்துகிறவர் இடைநிலையைப் படித்துத்தான் பொருத்தியிருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் கேள்வி வரியில் இருக்கிறது. “அப்பா எங்கே இருக்கிறார்?” என்று எழுதிவிட்டால் கற்பவர் அதே வடிவத்தைத் திருப்பி எழுதி அ-வைத் தேர்ந்தெடுப்பார். தமிழில் வினையே இல்லாமல் “அப்பா எங்கே?” என்று கேட்க முடிவது பாடத்தாள் எழுதுகிறவருக்குக் கிடைத்த வசதி. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். “என்ன சத்தம்?”, “அடுத்து யார்?”, “கூட்டம் எப்போது?” என்று வினை இல்லாத கேள்விகளைத் தேடிப் பிடித்தால் விடை கசியாது.

அடுத்த இணை இறந்தகாலப் பக்கத்தைச் சேர்ந்தது:

அ. இரவு மழை பெய்தது.
ஆ. இரவு மழை பெய்திருக்கிறது.

ஒருவர் இரவு முழுக்க விழித்திருந்தார். இன்னொருவர் நன்றாகத் தூங்கி எழுந்து, கதவைத் திறந்தால் வாசல் ஈரம். மழை ஒன்றுதான், பெய்த நேரமும் ஒன்றுதான். ‘பெய்திருக்கிறது’ என்பவர் ஈரத்தைப் பார்த்து மழைக்குப் போகிறார். இந்த இணையில் பயிற்சிக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பது முக்கியம். “எது சரி?” என்று கேட்கக் கூடாது. தூங்கி எழுந்தவரும் “ராத்திரி மழை பெய்தது போல” என்று சொல்லலாம், அதில் தவறில்லை. ஆனால் விழித்திருந்து நேரில் பார்த்தவர் ‘பெய்திருக்கிறது’ என்று சொன்னால் கேட்பவருக்கு உறுத்தும். அதனால் கேள்வியை “மழையை நேரில் பார்க்காதவர் யார்?” என்று அமைத்தால் விடை ஒன்றாகவே நிற்கும். இரண்டு விடையும் ஏற்கத்தக்க இடத்தில் ஒரு விடையை மட்டும் சரி என்று குறித்த பாடத்தாள்கள் கற்பவரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடுகின்றன. தெருவில் அவர் கேட்கும் தமிழ் அந்தத் தாளைப் பொய்யாக்கிவிடும்.

‘-இருக்கிற்-’ துணைவினைக்கு இன்னொரு வேலையும் உண்டு. “தம்பி வந்தான்” என்றால் வந்தான், திரும்பிப் போயும் இருக்கலாம். “தம்பி வந்திருக்கிறான்” என்றால் இன்னும் இங்கே இருக்கிறான். மழை இணையில் ஊகம், தம்பி இணையில் நீடிப்பு. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் கற்பவர் ‘தம்பி வந்ததை இவர் பார்க்கவில்லை போலும்’ என்று முடிவுகட்டுவார். இவற்றுக்குத் தனித்தனித் தாள்தான் சரி. (இன்னும் கிளம்பாமலேயே தொலைபேசியில் “இதோ வந்துவிட்டேன்” என்கிறோமே, அந்த வடிவத்தை முதல் ஆண்டுத் தாளில் தொடாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.)

நிலைமை இணையின் குறையையும் சொல்ல வேண்டும். அது இடத்தைத் தின்னும். காலச்சொல் இணை ஒரு ஏ4 பக்கத்தில் இருபதுகூட அடங்கும். நிலைமை இணை ஆறுக்கு மேல் போனால் நெருக்கடியாகிவிடும். சூழலை விளக்கும் வரியே கற்பவருக்குப் புரியாமல் போகும் அபாயமும் உண்டு. சூழல் வரியைப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் அடக்கி, ஏற்கெனவே படித்த சொற்களாலேயே எழுதப் பாருங்கள். முடியாதபோது சூழலை மட்டும் கற்பவரின் தாய்மொழியில் எழுதுவது உண்டு. அது வேலையைச் சுலபமாக்கும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தாய்மொழி வரி விடை வாக்கியத்தின் மொழிபெயர்ப்பாக இருந்துவிடக் கூடாது. ‘அப்பா மாடியில் இருக்கக்கூடும்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டால் கற்பவர் சொல்லுக்குச் சொல் பொருத்திவிட்டுப் போய்விடுவார். சொல்பவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்த்தார் என்பதை மட்டும் எழுத வேண்டும். என்ன நினைக்கிறார் என்பதை எழுதக் கூடாது.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் இணைக்கு எந்த வினைச்சொல்லை எடுப்பது என்ற முடிவு பாதி விளைவைத் தீர்மானித்துவிடுகிறது. பலரும் ‘வா’, ‘போ’ என்று தொடங்குகிறார்கள், அடிக்கடி புழங்கும் சொற்கள் என்பதால். ஆனால் ‘வா’ இறந்தகாலத்தில் ‘வந்தேன்’, மற்ற இரண்டில் ‘வருகிறேன்’, ‘வருவேன்’. பகுதியும் சேர்ந்து மாறுவதால், எது காலத்தைக் காட்டுகிறது என்று கற்பவரால் பிரித்தறிய முடியாது. ‘செய்’ சுத்தமானது:

செய் + த் + ஏன் = செய்தேன்
செய் + கிற் + ஏன் = செய்கிறேன்
செய் + வ் + ஏன் = செய்வேன்

பகுதி அசையவில்லை, விகுதி அசையவில்லை, நடுவில் உள்ளது மட்டும் மாறுகிறது. இதற்கு அடுத்ததாக ‘படி’: படித்தேன், படிக்கிறேன், படிப்பேன். இங்கே மூன்று இடைநிலையும் இரட்டித்து வரும். இந்த இரண்டு வினைகளையும் மாதிரியாக வைத்து, ‘எழுது’, ‘எடு’, ‘திற’ என்று விரிவாக்கலாம். ‘திற’ கொஞ்சம் தந்திரக்காரச் சொல். இறந்தகாலத்தில் ‘திறந்தேன்’, மற்ற இரண்டில் ‘படி’யைப் போலவே ‘திறக்கிறேன்’, ‘திறப்பேன்’. அதை முதல் பக்கத்தில் வைக்காமல் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவையுங்கள்.

தவிர்க்கவே வேண்டியது ‘சேர்’, ‘பிரி’ போன்ற வினைகள். ‘சேர்ந்தேன்’, ‘சேர்த்தேன்’ இரண்டும் இறந்தகாலம்தான். முதலாவது நானே போய்ச் சேர்ந்தது, இரண்டாவது வேறொன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நிகழ்காலத்தில் ‘சேர்கிறேன்’, ‘சேர்க்கிறேன்’ என்று ஒரு ‘க்’ மட்டுமே வித்தியாசம். காலத்துக்காக எழுதிய தாளில் இப்படி ஒரு வினை புகுந்துவிட்டால், கற்பவர் மெய் இரட்டிப்பதையே காலக்குறி என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு ‘செய்க்கிறேன்’ என்று எழுதத் தொடங்குவார். அந்தப் பிழையைக் கண்டால் கற்பவரைத் திருத்துவதற்கு முன்பு தாளில் எந்த வினைகள் இருந்தன என்று பாருங்கள்.

அஃறிணை எழுவாயையும் முதல் தாள்களில் வைக்க வேண்டாம். ‘அது வரும்’ என்பதில் ப்-யும் இல்லை, வ்-வும் இல்லை, இடம் காட்டும் விகுதியும் இல்லை. ‘மணி அடிக்கும்’, ‘கதவு திறக்கும்’ எல்லாம் அப்படியே. தனித் தாளாகக் கொடுத்தால் ஒரே வகுப்பில் முடிகிற விஷயம் இது. கலந்து கொடுத்தால்தான் வாரக்கணக்கில் இழுக்கும். எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒரே இணைக்குள் கலக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மேலே ‘செய்தேன்’, கீழே ‘செய்றேன்’ என்று இருந்தால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பேச்சுவழக்கில் கற்பிக்கிறீர்கள் என்றால் ‘செஞ்சேன்’, ‘செய்றேன்’, ‘செய்வேன்’ என்று முழுவதுமாக அதிலேயே போங்கள்.

அச்சு விஷயத்துக்கு வருவோம். இரண்டு வாக்கியங்களையும் பக்கம் பக்கமாக இரண்டு பத்தியில் போடுவதா, மேலும் கீழுமாகப் போடுவதா? தமிழுக்கு மேல்-கீழ்தான். வாக்கியத்தின் முன்பகுதி ஒன்றாகவே இருப்பதால் இரண்டு வினைமுற்றுகளும் நேராக ஒன்றின்கீழ் ஒன்று வந்து நிற்கும், மாறிய எழுத்து உடனே கண்ணில் படும். இரண்டு பத்தியாகப் பிரித்தால் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ மாதிரி நீளச் சொல் குறுகிய பத்தியில் அடங்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடும். ஒப்பிட வேண்டிய சொற்கள் வேறு வேறு உயரத்தில் நிற்கும்.

இடைநிலையைத் தடித்த எழுத்தாலோ வண்ணத்தாலோ காட்டும்போது இன்னொரு இடர். ‘செய்வேன்’ என்பதில் ‘வ்’ தனியாக இல்லை. விகுதியின் ‘ஏ’யோடு கலந்து ‘வே’ ஆகிவிட்டது. கணினியில் ‘வே’ என்பது ‘வ’வும் ஏகாரக் குறியும் சேர்ந்தது. அதில் பாதிக்கு மட்டும் வண்ணம் கொடுக்கப் போனால் சில மென்பொருள்களில் ஏகாரக் கொம்பு பிரிந்து புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். ‘வே’ முழுவதையும், ‘கிறே’ முழுவதையும் தடிப்பாக்குங்கள். இடைநிலையைத் துல்லியமாகக் காட்டியே ஆக வேண்டும் என்றால், கீழே சிறிய எழுத்தில் ‘செய் + வ் + ஏன்’ என்று பிரித்த வரி ஒன்று போதும். பயிற்சிப் பகுதியில் எந்தத் தடிப்பும் வேண்டாம். மாதிரிக்கு இரண்டு இணை தடிப்போடு, பயிற்சிக்கு நான்கு இணை தடிப்பில்லாமல், மொத்தம் ஆறு என்பது ஒரு பக்கத்துக்குச் சரியாக வரும். அந்த நான்கிலும் அ, ஆ வரிசையை மாற்றி மாற்றி வையுங்கள். எப்போதும் மேல்வரி ‘-கிற்-’ என்று இருந்தால் மூன்றாவது இணையிலேயே கற்பவர் இடத்தை வைத்து விடை சொல்லத் தொடங்கிவிடுவார்.

எதிர்மறை வாக்கியங்களில் மட்டும் இந்தத் தேர்வெல்லாம் தலைகீழாகும். ‘வந்தேன்’, ‘வருகிறேன்’ இரண்டுக்கும் எதிர்மறை ‘வரவில்லை’ ஒன்றுதான். “நேற்று வரவில்லை”, “இப்போது வரவில்லை” இரண்டும் நல்ல தமிழ். வினைமுற்று காலத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டதால், முதலில் குறை சொன்னோமே, அந்தக் காலச்சொல் இணைதான் இங்கே உதவும். இந்த இரண்டையும் மேல்-கீழாக அச்சிட்டு, வினை மாறவில்லை என்பதையே பாடமாக்கலாம். ‘வரவில்லை’, ‘வரமாட்டேன்’ இணைக்கு மறுபடியும் நிலைமை வரி தேவைப்படும். காத்திருந்தவர் “ஏன்?” என்று கேட்கிறார், அழைக்க வந்தவரும் “ஏன்?” என்று கேட்கிறார், இருவருக்கும் சொல்லும் பதிலில் ஒன்று ‘வரவில்லை’, மற்றது ‘வரமாட்டேன்’ என்று வைத்தால் ஒரு தாளுக்கு நான்கு இணை தாராளமாகக் கிடைக்கும்.